ஐந்தாம் அறைக் கட்டு பத்து முப்பத்தேழுக்குப் போனது

எட்டாம் வகுப்பில் தோற்றவன் நான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தவன், எங்கள் மேல்நிலைப் பள்ளியில் இரவுக் காவலுக்கு வந்து, அங்கேயே அலுவலக உதவியாளராகி, அங்கேயே ஓய்வு பெற்றேன். இடையில் நான் உண்டாக்கியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். முன்வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டு நான் கொண்டுவந்து கட்டிய மணி. அதற்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டைத் தட்டுவார்கள், பின்கட்டிடத்துக்குக் கேட்காது. சைக்கிள் நிறுத்தத்துக்குக் குழி தோண்டிக் கல்தூண் நட்டது நான். பெஞ்சுகளுக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டது நான். கேள்வித்தாள் அலமாரிக்கு இரண்டு பூட்டு வேண்டும், ஒரு சாவி தலைமையாசிரியரிடமும் இன்னொன்று உதவித் தலைமையாசிரியரிடமும் இருக்க வேண்டும் என்று சொன்னதும் நான்தான். சொன்ன அன்று சிரித்தார்கள். அடுத்த வருடமே பூட்டு வந்தது. என் பெண்ணைப் படிக்க வைத்து டீச்சராக்கினேன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை பார்க்கிறாள்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. அது என் நோட்டு. பரீட்சை நாளில் ஒவ்வொரு அறைக்கும் கேள்வித்தாள் கட்டு எத்தனை மணிக்கு அலுவலகத்தை விட்டுப் போனது, யார் வாங்கினார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து, வாங்குகிறவரிடம் கையெழுத்தும் வாங்கி வைப்பேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எழுத்து எனக்குக் கொஞ்சம் தடுமாறும். எண் தடுமாறாது. மில்லில் கற்ற புத்தி அது: பொருள் கை மாறினால் நேரமும் கையெழுத்தும் வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஏப்ரல் மாதம். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஆண்டுத் தேர்வு. அதே நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம். எங்கள் ஆசிரியர்களில் ஆறு பேருக்கு அங்கே வரச்சொல்லி உத்தரவு வந்துவிட்டது. தேர்வுக்கு முந்திய ஆசிரியர் கூட்டத்தில் அதைத்தான் பேசினார்கள். கால அட்டவணை ஏற்கெனவே பிள்ளைகளிடம் போய்விட்டது, மாற்ற முடியாது. இருக்கிற ஆட்களை வைத்து அறைக் கண்காணிப்பைப் பங்கிட வேண்டும். மாற்று ஆளாக வைத்திருந்த இரண்டு பேருக்கும் அறை போட்டுவிட்டார்கள். மேல் வகுப்புகளுக்கு உதவித் தலைமையாசிரியர் ஒரு தாளில் பட்டியல் போட்டார். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அந்தப் பிரிவின் மூத்த ஆசிரியர் வேறொரு தாளில் போட்டார். அந்த வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை. ஓவிய ஆசிரியர் இரண்டு பக்கத்துக்கும் வகுப்பெடுப்பவர். இரண்டு தாளிலும் அவர் பெயர் இருந்தது.

கணக்குப் பரீட்சை அன்று காலை பத்து மணிக்கு மணியடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மேசை மேல் ஐந்தாம் அறைக் கட்டு அப்படியே கிடக்கிறது. கண்காணிப்பாளர் நேரில் வந்து வாங்காமல் கட்டைக் கொடுக்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது. பட்டியலைப் பார்த்தால் ஓவிய ஆசிரியர். தேடிப் போனால் மனிதர் ஏழாம் வகுப்பு அறையில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கிறார்.

"ஐந்தாம் ரூம் உங்களுக்குத்தான் சார் போட்டிருக்கு."

"இங்கயும் எனக்குத்தான் போட்டிருக்கு அண்ணாச்சி. என்னைய ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதியா அனுப்பும்" என்றார்.

பிள்ளைகளை விட்டுவிட்டு வரமுடியாது, அதுவும் சரிதான். நான் உதவித் தலைமையாசிரியரைத் தேடி மூன்று கட்டிடம் ஓடினேன். அவர் வந்து, கையெழுத்துப் போட்டு, கட்டை வாங்கிக்கொண்டு ஐந்தாம் அறைக்குப் போகும்போது மணி பத்து முப்பத்தேழு. நோட்டில் அப்படியே எழுதினேன். பிள்ளைகளிடம் விட்ட நேரத்தைக் கடைசியில் கூட்டித் தருகிறேன் என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. பிறகு முகாமிலிருந்து தொலைபேசி வந்து அவர் அலுவலகத்துக்கு ஓட, உடற்பயிற்சி ஆசிரியரை உள்ளே நிறுத்தினார்கள். அவரிடம் இந்தச் செய்தியைச் சொல்லவில்லை. பன்னிரண்டரைக்கு நான் கடைசி மணி அடித்தேன். எல்லா அறைத் தாளோடும் ஐந்தாம் அறைத் தாளும் வந்துவிட்டது. "அந்த ரூம் பேப்பரும் வந்துருச்சே சார்" என்று உதவித் தலைமையாசிரியரிடம் கேட்டேன். "சரி, வை" என்றார். அவர் எந்த நினைப்பில் இருந்தாரோ. தாளை மாணவர் எண் வரிசைப்படி அடுக்கி, பிரிவு பிரிவாகக் கட்டித் திருத்தக் கொடுத்தார்கள். எந்தத் தாள் எந்த அறையில் எழுதியது என்பது அதோடு மறைந்துவிட்டது.

மே மாதம் முதல் வாரத்தில் மதிப்பெண்களைச் சரிபார்த்துத் தேர்ச்சி முடிவு செய்யும் கூட்டம். நூலக அறையில் மாலை நாலு மணிக்கு. ஒன்பதாம் வகுப்பு அ பிரிவில் கணக்கில் மூன்று பேர் தோல்வி. அது உதவித் தலைமையாசிரியர் எடுத்த வகுப்பு. ஆ பிரிவில் நாற்பத்து நாலு பேரில் பத்தொன்பது பேர் தோல்வி. அது ஒரு இளம் டீச்சர் எடுத்த வகுப்பு. ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் முடியப் போகிறது. ஜூன் மாதம் நிர்வாகம் அவரைத் தகுதிகாண் பருவம் முடித்தவராக அறிவிக்க வேண்டும். அதற்கு முன் பள்ளிச் செயலர் இந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டைத்தான் வாசிப்பார்.

நான் டீ கொண்டு போனபோது பேச்சு முடிகிற கட்டத்தில் இருந்தது. ஆ பிரிவு முழுவதற்கும் ஐந்து மதிப்பெண் கருணையாகப் போட்டு, அதிலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவிடலாம் என்று உதவித் தலைமையாசிரியர் சொன்னார். கூடவே ஒரு வரி எழுத வேண்டும் என்றார்: ஆ பிரிவில் கணக்குப் பாடம் கற்பித்தல் நிறைவாக இல்லை. எழுதுவதற்குப் பேனாவும் அவர் கையில்தான் இருந்தது. டீச்சர், அரைப் பரீட்சையில் இந்தப் பிள்ளைகள் நன்றாக எழுதினார்களே என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு, குனிந்து புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

மேசையில் மதிப்பெண் பதிவேடு விரித்துக் கிடந்தது. தோல்விக்குச் சிவப்பு மை. தலைமையாசிரியர் முன்னால் டம்ளரை வைக்கும்போது என் கண் அதில் விழுந்தது. இருபத்து மூன்றாம் எண் வரைக்கும் சிவப்பு இரண்டே இரண்டு. இருபத்து நாலிலிருந்து கீழே பார்த்தால் வரிசையாகச் சிவப்பு, செங்கல் அடுக்கினதுபோல. பரீட்சைக்குப் பெஞ்சில் மாணவர் எண் ஒட்டியவன் நான். ஆ பிரிவில் இருபத்து நாலிலிருந்து நாற்பத்து நாலு வரை இருபத்தொரு பேரும் ஐந்தாம் அறையில் உட்கார்ந்தவர்கள் என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"சார், இது டீச்சர் கொறையில்ல. அஞ்சாம் ரூம் கொறை" என்றேன்.

"டீய வச்சுட்டு வெளிய நில்லுப்பா. இது ஸ்டாஃப் மீட்டிங்" என்றார் உதவித் தலைமையாசிரியர்.

"நிக்கேன் சார். அதுக்கு முன்னால அந்தச் சிவப்பு எந்த நம்பர்ல ஆரம்பிக்குன்னு பெரிய சார் செத்த பாக்கட்டும்."

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு விரலால் தடவிக்கொண்டே வந்தார். இருபத்து நாலில் விரல் நின்றது. நான் போய் நோட்டை எடுத்துவந்து பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். மற்ற அறைகளுக்கெல்லாம் ஒன்பது ஐம்பது, ஒன்பது ஐம்பத்திரண்டு. ஐந்தாம் அறைக்கு மட்டும் பத்து முப்பத்தேழு. எதிரே உதவித் தலைமையாசிரியரின் கையெழுத்து.

அவர் அதைப் பார்த்தார். அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: இல்லை என்று சொல்லவில்லை. "நான் நேரம் கூட்டித் தாரேன்னு சொன்னேன். மறந்து போச்சு" என்றார், தலைமையாசிரியரைப் பார்த்து. பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"பரீட்சைக்குப் பட்டியல் ரெண்டு தாளு. ரெண்டையும் சேத்துப் பாக்க ஒரு ஆளு இல்ல. கணக்கு வாத்தியாருங்க மத்தியில டீ குடுக்குறவருக்குத்தான் கணக்கு வருது" என்றார் ஓவிய ஆசிரியர். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த இருபத்தொரு விடைத்தாளையும் எடுத்துவரச் சொன்னார்கள். நான்தான் எடுத்து வந்தேன். ஒன்று விடாமல் பார்த்தார்கள். பெரும்பாலான தாளில் கடைசி இரண்டு கேள்விகள், வடிவியல் படமும் வரைபடமும், தலா பத்து மதிப்பெண், தொடவே இல்லை. சிலதில் படத்துக்குக் கோடு மட்டும் போட்டு நின்றிருந்தது. மறுபடி பரீட்சை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களை எப்படித் திரட்டுவது என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் டீச்சரே வழி சொன்னார். அந்த இரண்டு கேள்வியையும் ஒதுக்கி, எண்பதுக்கு வாங்கியதை நூற்றுக்கு மாற்றலாம். எண்பதில் இருபத்தெட்டு எடுத்தவன் முப்பத்தைந்து ஆவான். அந்தக் கேள்விகளைத் தட்டுத்தடுமாறி எழுதியவனுக்கு அதனால் குறைந்துவிடக் கூடாதே என்று உதவித் தலைமையாசிரியர் கேட்டார். நல்ல கேள்விதான். பழைய முறை, புது முறை இரண்டில் எது கூடுதலோ அதைப் போடுவது என்று தலைமையாசிரியர் முடித்தார். ஐந்தாம் அறைக்கு மட்டும். மற்ற அறைகளில் எழுதியவர்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் கூட்டுவதில்லை. அங்கேயே உட்கார்ந்து போட்டார்கள். ஐந்தாம் அறையில் தோற்ற பதினேழு பேரில் பதின்மூன்று பேர் தேறினார்கள். கற்பித்தல் பற்றிய வரி எழுதப்படவில்லை.

ஜூன் மாதம் டீச்சருக்கு உத்தரவு வந்தது. சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த நோட்ட மட்டும் எங்கயும் போட்ராதீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் போடவில்லை. இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

இனி, குறிப்பேட்டில் என்ன எழுதினார்கள் என்று சொல்கிறேன். நானே ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அதனால் நன்றாகத் தெரியும். "பதிவேடுகளைக் கூர்ந்து ஆய்வு செய்ததில் ஐந்தாம் அறையில் தேர்வு தாமதமாகத் தொடங்கியது தெரியவந்தது" என்று இருந்தது. யார் ஆய்வு செய்தார்? யாருடைய பதிவேடு? ஒன்றுமில்லை. அடுத்த தீர்மானம், இனி எல்லா வகுப்புக்கும் கண்காணிப்புப் பட்டியல் ஒரே தாளில் போட வேண்டும். அதற்கடுத்தது, கேள்வித்தாள் கட்டு வெளியே போகும் நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்துப் பெற வேண்டும். என் நாற்பது பக்க நோட்டு அன்றைக்குப் பள்ளிக்கூடச் சட்டமாகிவிட்டது, என்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு.

தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். ஆசிரியர் கூட்டக் குறிப்பில் உறுப்பினர் அல்லாதவர் வருவதில்லை, அதுதான் நடைமுறை என்றார். நல்ல மனிதர். ஆனால் அன்று அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. தொண்ணூறுகளில் நான் ஓய்வு பெற்றபோது சால்வை போட்டார்கள். அலமாரியைப் பற்றிப் பேசினார்கள், மணியைப் பற்றிப் பேசினார்கள். நோட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குறிப்பேடு பள்ளியில்தான் இருக்கிறது, நீல அட்டை போட்டது. தலைமையாசிரியர் அறையில் மேல்தட்டில் நானே அடுக்கினேன். இப்போது அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய வரியை அடிக்க வேண்டாம், திருத்தவும் வேண்டாம். அடுத்து வரும் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு புதுத் தீர்மானம் போடுங்கள்: ஐந்தாம் அறைத் தாமதத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அலுவலக உதவியாளர், ஆய்வு செய்யப்பட்ட பதிவேடு அவர் சொந்தமாக எழுதி வந்த நோட்டு. இவ்வளவுதான். எல்லோரும் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நேரத்தையும் குறிக்க வேண்டும்.