‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலம்

சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, எங்கள் இருவரையும் அங்கேயே படிக்க வைக்கப் போவதாகக் கடிதம் எழுதினார். நான் சமயநல்லூருக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பி ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். அவன் படித்தது மதுரைக்குள் இருந்த ஆங்கில வழிக் கான்வென்ட்டில். பையனுக்குக் கான்வென்ட், பெண்பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் கேள்வியே எழவில்லை. எனக்கு எழுந்தது. யாரும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழையும் கடைசி ஆண்டு மதிப்பெண் அட்டையையும் கேட்டிருந்தது. ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மொழிபெயர்த்து, அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் எந்த வகுப்பில் சேர்ப்பது, சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்வார்கள். தம்பியுடையது அப்படியே ஆங்கிலம், உறையில் போட்டால் வேலை முடிந்தது. என்னுடையது முழுக்கத் தமிழ்.

அம்மாவும் நானும் பஸ் ஏறிக் கோர்ட்டுப் பக்கம் போனோம். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசையும் டைப்ரைட்டரும் போட்டு, பத்திரங்களை ஆங்கிலமாக்கித் தரும் ஒருவர் இருந்தார். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், எரிச்சல் குரல். என் சான்றிதழை வரி வரியாகத் தொட்டுப் படித்தார். நடத்தை: நன்று. உயர் வகுப்புக்கு மாறத் தகுதி: உண்டு. பயிற்று மொழி: தமிழ்.

அந்த இடத்தில் அம்மா மெல்ல ஆரம்பித்தாள். “அய்யா, அந்த ஒரு இடத்துல மட்டும் இங்கிலீசுன்னு போட்டுருங்களேன். இவளும் ஆறாப்புலருந்து இங்கிலீசு ஒரு பாடமாப் படிச்சவதான்.”

“ஒரு பாடமாப் படிச்சது வேற, எல்லாப் பாடத்தையும் அதுல படிச்சது வேற தாயி. மூலத்துல இருக்கிறது இதுதான்னு கீழ நான் கையெழுத்துப் போடணும். நோட்டரி வக்கீல் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாரு. இல்லாததை எழுதவும் மாட்டேன், இருக்கிறதை விடவும் மாட்டேன்.”

மதிப்பெண் அட்டைக்கு வந்ததும் அவர் முகம் சுருங்கியது. கணக்கு 74, அறிவியல் 71, தமிழ் 68, ஆங்கிலம் 63. எங்கள் பள்ளியில் அதுதான் அந்த வருடத்து உச்சம். கணக்கில் எழுபதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். ஆனால் அட்டையில் ராங்க் போடக் கட்டம் கிடையாது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி வாயால் அறிவிப்பதோடு சரி. அட்டையின் அடியில் வகுப்பாசிரியர் கருத்து என்று ஒரு கட்டம் மட்டும் உண்டு. அதில் எங்கள் டீச்சர் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: பரவாயில்லை.

எங்கள் ஊரில் அந்த வார்த்தையின் எடை எங்களுக்குத் தெரியும். அந்த டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்கு “முயற்சி தேவை”, “கவனம் போதாது” என்றுதான் எழுதுவார். பரவாயில்லை வாங்கியவள் அந்த வகுப்பிலேயே நான் ஒருத்திதான். அன்று அதை அம்மாவிடம் காட்டி அரை நாள் குதித்திருந்தேன்.

“இதுக்கு ஒரே வார்த்தைதான் போட முடியும்,” என்றார் அவர். “பள்ளிக்கூடத்துல ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. எம்புட்டு வாங்கினா பாஸு, எம்புட்டு வாங்கினா முதல் வகுப்பு, பிள்ளை வகுப்புல எத்தனாவது, எல்லாத்தையும் அவுங்க லெட்டர் தாள்ல எழுதிச் சீல் வச்சுத் தரணும். நானா எழுதினா செல்லாது.”

தலைமையாசிரியை கடிதம் தந்தார். பயிற்று மொழி தமிழ், தேர்ச்சிக்கு முப்பத்தைந்து, அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு. வகுப்பில் முதலாவது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம். “அட்டையில் இல்லாததை நான் எழுத முடியாது. நாளைக்கு ஆடிட்டில் யார் பதில் சொல்றது?” என்றார். கருத்துக் கட்டத்தில் இன்னும் ஒரு வரி எழுத வேண்டுமானால் டீச்சரைக் கேளுங்கள் என்று கை காட்டினார்.

டீச்சர் தன் வகுப்பு வாசலில் நின்றபடியே பேசினார். அம்மா கை கட்டி நின்றாள்.

“ஏம்மா, பரவாயில்லைன்னு எழுதினதுல என்ன குறை?”

“குறை ஒண்ணுமில்ல டீச்சர். அந்த ஊருக்காரங்களுக்குப் புரியணுமில்ல. நல்லாப் படிக்கிறவன்னு ஒரு வரி.”

“ஒருதடவை எழுதினதை மாத்தினா திருத்துனதுன்னு ஆயிரும். புரியாதவங்க பள்ளிக்கூடத்துல இவ ஏன் போய்ப் படிக்கணும்?”

அவ்வளவுதான். வகுப்புக்குள் போய்விட்டார். ஒரு வரி, ஒரு சொட்டு மை. அதற்கு அந்த அம்மாளுக்கு என்ன வலித்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தலைமையாசிரியையின் கடிதத்தை மட்டும் மொழிபெயர்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதையும் ஆங்கிலமாக்கி, அட்டைக்கு வந்து, டைப்ரைட்டரில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். ‘ஃபேர்.’

எனக்குத் தெரிந்த ஃபேர் ஒன்றே ஒன்றுதான். ரஃப் நோட்டில் கிறுக்கி, பிறகு அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதுவது ஃபேர் நோட்டு. ஆக டீச்சரின் வார்த்தை ஆங்கிலத்தில் இன்னும் அழகாகிவிட்டது என்று நினைத்தேன். பஸ்ஸில் அம்மாவுக்கும் அப்படியே விளக்கம் சொன்னேன். “நல்லவேளை, மனுசன் புரிஞ்சுக்கிட்டாரு,” என்றாள். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினோம். அப்பாவின் பதில் வந்தது. மிகச் சிறப்பு, சிறப்பு, நன்று, சுமார், மோசம் என்று அங்கே ஐந்து படிகளாம். ஃபேர் என்பது நான்காவது படி, சுமார். முப்பத்தைந்துக்குத் தேர்ச்சி கொடுக்கும் பள்ளியில் படித்து, பயிற்று மொழியும் தமிழாக இருந்து, ஆசிரியரே சுமார் என்று சொல்கிற பிள்ளையை இரண்டு வகுப்பு கீழேதான் சேர்க்க முடியுமாம். அந்த வகுப்புக்கு எனக்கு வயது கூடிவிட்டதால் அதுவும் முடியாதாம். எங்களுக்கு உதவட்டும் என்று அலைந்து வாங்கிய கடிதமே என்னைக் குழிக்குள் தள்ளியிருந்தது.

தம்பிக்கு இடம் கிடைத்தது. கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவன் அவன். கான்வென்ட் அட்டையில் எல்லோருக்கும் ‘குட்’ எழுதுவார்களாம், அவனுக்கும் எழுதியிருந்தார்கள். அவன் சட்டைகளை நான்தான் மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அவன் பிள்ளைகள் இப்போது அந்த நாட்டில் வேலை பார்க்கிறார்கள்.

ஜூன் மாதம் அதே பள்ளியில், அவர்கள் கொடுத்த அதே மாற்றுச் சான்றிதழை அவர்களிடமே நீட்டிப் பத்தாம் வகுப்பில் சேர்ந்தேன். அந்த வருடமும் அதே டீச்சர்தான் வகுப்பாசிரியர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. என் தோளைப் பிடித்து வகுப்பின் முன்னால் நிறுத்தினார்.

“எல்லாரும் பாத்துக்கங்க. இத்தனை வருச சர்வீசுல இவளைப் போல ஒரு பிள்ளையை நான் பாத்ததில்ல.”

“அதை எழுதியிருக்கலாமே டீச்சர்,” என்றேன்.

“எழுதினா தலைக்கனம் ஏறிரும்,” என்று சிரித்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கடைசியில் சேர்த்தார்.