கிறிஸ்மஸ் அன்னிக்கு வந்த லாபம்

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனில ரெண்டு வெரல தொலைச்ச அந்தோணிக்கு நஷ்டஈடா எண்பதாயிரம் வந்துச்சு. "எந்த ஷேரு வாங்கணும், எப்ப விக்கணும்னு போன்ல மெசேஜ் அனுப்பறேன்"னு மெட்ராஸ்ல ஒருத்தன் சொன்னான். அந்த மடையனும் நம்பி, அவனுக்குக் கட்டணம் கட்டிட்டு மீதிய ஷேர்ல போட்டான். கூட்டாளி தானியேலையும் இழுத்து வுட்டான்.

பணம் கரைஞ்சப்புறந்தான், லாபம் வந்துச்சுன்னு அந்த மெட்ராஸ்காரன் குடுத்த கம்ப்யூட்டர் படத்தயெல்லாம் அந்தோணி தூக்கினு ஷேர் ஆபீசுல வேல செய்ற உமைராகிட்ட போனான்.

"இன்னாண்ணே, கம்ப்யூட்டர் படத்துல நம்பர மாத்தறது அஞ்சு நிமிஷ வேல. வாங்குனதுக்கும் வித்ததுக்கும் புரோக்கர் கணக்கெழுதிக் குடுக்கற கான்ட்ராக்ட் நோட்டக் கேட்டியா? நஷ்டமான நாளையும் சேத்துப் பாத்து ஆடிட்டர் கையெழுத்து போட்டாரா?"

"கேட்டேம்மா. நம்பிக்க இல்லன்னா வேற ஆளப் பாருன்னு கோச்சிக்கினான். நாந்தான் மன்னிப்பு கேட்டேன்."

உமைரா ஒரு தாள எடுத்துக் காட்டுனா. "இதுல லாபம் வந்ததா போட்டிருக்கற தேதி டிசம்பர் இருவத்தஞ்சு. அன்னிக்கு மார்க்கெட்டே லீவுண்ணே. நீ எங்க இருந்த?"

"சர்ச்சுல."

அந்தோணி அந்தத் தாள வாங்கித் தேதிய திரும்பப் பாத்தான். இதே தாளத்தான் தானியேலுகிட்ட காட்டி, "பண்டிக அன்னிக்கும் ஒழைக்கறான் பாருடா"ன்னு பெருமையா பேசியிருந்தான்.

நேரா தானியேலு ஊட்டுக்குப் போயி, "அத்தினியும் பொய்டா, நாந்தான் ஒன்ன கெடுத்துட்டேன்"னான்.

தானியேலு திட்டவே இல்ல. "பீஸ் கட்ட வழியில்லாம எம்பொண்ணு ஸ்நேகாவ நர்சிங் காலேஜ்லருந்து இன்னிக்கித்தான் நிறுத்துனேன்"னு மட்டும் சொல்லிட்டு கதவ சாத்திக்கினான்.