மொட்டை மாடியில் தம்பிக்கு ஓர் அறை

தை பிறந்தால் தம்பிக்குக் கல்யாணம். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே அறை. மொட்டை மாடியில் இன்னொன்று எழுப்ப எவ்வளவு ஆகும் என்று பார்க்கக் கொத்தனார் வந்தார்.

பின்னாளில் மாடி எடுக்கத் தூண்களில் கம்பி விட்டிருந்தோம். அதை வளைத்து அப்பா துணிக்கொடி கட்டியிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, துருப்பிடிச்ச கம்பிய வளைச்சு வச்சிருக்கிய! தூணு தலைய உடைச்சு, புதுக்கம்பி சேத்துக் கட்டணும். பொறவு கான்கிரீட் தளம், முனிசிபாலிட்டிக்கு பிளான் பீஸ், ஒயரிங்கு..."

கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தூணு வேண்டாம்னா, கீழ்ச்சுவத்து மேலயே செவரெழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு போடலாம். பாதிதான் ஆகும். பிளான் பீஸ் மட்டும் ரெண்டுக்கும் உண்டு."

"சித்திரையில வெந்துருவாளே வரப்போற புள்ள!" என்றார் அம்மா.

"சீட்டே போதும்மா. ஜன்னலும் பேனும் இருந்தா போதும்னு அவ சொல்லிட்டா" என்றான் தம்பி.

எல்லோரும் திரும்பினோம்.

"ஏலே, அவகிட்ட எப்பலே பேசுன?" என்றார் அப்பா.

கொத்தனார் சிரித்தபடி கணக்கில் பேன் பாயிண்டைச் சேர்த்தார்.