மூன்று பேருக்கு ஒரே நம்பர்

என் கடை வாசலில் நின்று என்னை ஏமாற்றுக்காரி என்று ஒருத்தி கத்தினாள். செஞ்சியில் இத்தனை வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். துணி குறைந்தது, அளவு தவறியது என்று யாரும் என் வாசலில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றாள். அன்று பிடித்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

என் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். நான் ரவிக்கை வெட்டுவதைப் படம் பிடித்து, பாடம் பாடமாகப் பிரித்து, இணையத்தில் ஒரு பக்கம் கட்டினாள். பணம் கட்டினால்தான் பாடம் திறக்கும். அளவு எடுக்கும் பாடத்தைப் பார்த்து முடித்தால்தான் முன்பக்கம் வெட்டுவது திறக்கும். அது முடிந்தால் கழுத்து, அப்புறம் கை. யார் எதுவரை பார்த்தார்கள் என்று ஒரு பச்சைக்கோடு காட்டும். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தக் கோடு எனக்குப் புரியும். அந்தப் பக்கத்தின் முகப்பில் இருந்தது என் முகம். பாடம் முழுக்க என் குரல். அதனால்தான் அவள் மருமகளைத் தேடி வரவில்லை, என்னைத் தேடி வந்தாள்.

மேல்மலையனூர்க்காரி. நாற்பது வயதிருக்கும். கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா, நீதான வீடியோல பேசுறது? பணத்த வாங்கிக்கினு கதவ சாத்திட்டியே, நல்லாருப்பியா?"

"இன்னா கதவு? யாருடி நீ?"

"இத படி. என்ன திருடின்னு போட்டு இருக்குது. எம்பொண்ணு படிச்சுக் காட்டுனா."

தைக்க வந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் மருமகளைக் கூப்பிட்டேன். அவள் வாசித்தாள்: இந்தக் கணக்கைப் பலர் பயன்படுத்துவதால் முடக்கப்பட்டுள்ளது.

"அத்தை, இதுக்கு ஏன் டென்ஷன் ஆவுறீங்க? இந்த நம்பர்ல மூணு போன் மாத்தி மாத்தி உள்ள வருது. ஒருத்தர் காசு கட்டிட்டு மூணு பேர் பாக்கறாங்க. அதான் நிறுத்தினேன்."

அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு வந்த ஆவேசம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஒருத்தர் கட்டுனாங்களா? நாங்க மூணு பேரும் கட்டுனோம். தனித்தனியா கட்டுனோம். கோயில் பக்கத்துல ரீசார்ஜ் கடைல குடுத்தோம். போய் கேளு."

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அவள் ஊரில் பாதிப் பெண்கள் தங்கள் போனிலிருந்து பணம் அனுப்புவதில்லை. கையில் நோட்டைக் கொண்டுபோய் ரீசார்ஜ் கடைக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் தன் போனிலிருந்து கட்டிவிடுவார். கரண்ட் பில்லும் அப்படித்தான், சிலிண்டரும் அப்படித்தான். எங்கள் இணையப் பக்கத்தில் பணம் கட்டும் இடத்தில் மொபைல் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் பழக்கப்படி தன் நம்பரைப் போட்டுவிட்டார், மூன்று தடவையும். மருமகள் கட்டியிருந்த விதத்தில் எந்த நம்பர் பணம் கட்டுகிறதோ அந்த நம்பர்தான் மாணவி. முதல் பணத்துக்கு ஒரு மாணவி உண்டானாள். இரண்டாவது பணமும் மூன்றாவது பணமும் அதே மாணவியின் தலையிலேயே போய் விழுந்தன.

உள்ளே நுழையத் தேவைப்படும் ஓடிபி எண்ணும் கடைக்காரர் போனுக்குத்தான் வரும். மூன்று பேரும் கடைக்கு நடந்து அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு போன்தான் உள்ளே இருக்கலாம் என்று மருமகள் வைத்திருந்தாள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே விழுவாள். மறுபடி கடைக்கு நடை. கடைசியில் மூவருக்கும் சேர்த்துத் திருடிப் பட்டம்.

"பணம் வந்த கணக்கு உங்கிட்ட இருக்குது இல்ல? அதப் பாத்தியா?" என்றேன்.

மருமகள் லேப்டாப்பைத் திறந்தாள். பணம் வாங்கித் தரும் கம்பெனியின் பக்கத்தில் மூன்று வரவு வரிசையாக நின்றது. ஒரே நம்பர்.

"உள்ள வர்றதத்தான் பாத்தேன் அத்தை. இத பாக்கல."

"காச பாக்காம ஆள திருடின்னு சொல்லுவியா?"

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் என் மகன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஃபார்ம ஒழுங்கா நிரப்பணும்மா, அது கஸ்டமர் தப்பு. விதிமுறைல ஒரு வரி சேத்துட்டா போதும்" என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"விதிமுறைக்கு உன் மூஞ்சியப் போட்டுக்கோடா. என் மூஞ்சிய எடுத்துடு. என் குரலையும் எடுத்துடு. காசு குடுத்தவ வெளிய நிக்கிற கடைல நான் இருக்க மாட்டேன்."

அவன் வெளியே போனான். மருமகள் போகவில்லை. அழுகிற முகத்தோடு பணம் கட்டும் பட்டனை என் கண் முன்னாலேயே எடுத்தாள். இதைச் சரிசெய்யும்வரை யாரும் வாங்க முடியாது என்றாள். அந்த ஒன்றுக்காக அவளிடம் கத்துவதை நிறுத்தினேன். கோபத்தை நிறுத்தவில்லை.

மேல்மலையனூர்க்காரி அசையவில்லை. "எனக்கு மட்டும் தொறந்தா போதாது. கடைல எங்க மூணு பேரையும் இளப்பமா பாக்கறாங்க. நீ வந்து சொல்லு."

போனேன். மறுநாள் பஸ் ஏறி நானும் மருமகளும் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா, நான்தான் உங்க ஸ்டூடண்ட். ஒரு ரவிக்கை வெட்டிடுவேன் போல இருக்குது" என்றார்.

"வெட்டு, மொதல்ல உனக்கே வெட்டிப் போட்டுக்கோ" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: இந்த மூணு பேரும் காசு கட்டினவங்க. தப்பு எங்க பக்கத்துது.

மருமகள் அங்கேயே உட்கார்ந்து மூவருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்தாள். போன் புருஷனிடம் இருந்தாலும் வேறு போனிலிருந்து உள்ளே போகும்படி, கடைக்கு வரும் எண்ணுக்குப் பதில் அவரவர் மனசில் வைத்துக்கொள்ளும் ரகசிய எண்ணை அவரவரே போட்டுக்கொண்டார்கள். பச்சைக்கோடு மட்டும் இடித்தது. மூன்று பேர் பார்த்ததும் ஒரே கோட்டில் ஏறியிருந்தது. யார் எதுவரை பார்த்தார்கள் என்று பிரிக்க முடியாது.

"மூணு பேருக்கும் கை வரைக்கும் முடிச்சதா போட்டுடறேன்" என்றாள் மருமகள்.

என்னைப் பார்த்துக் கத்தியவள் உடனே கையை நீட்டித் தடுத்தாள். "எனக்கு கழுத்து வரைக்கும் போடு. கை நான் பாக்கல. பாக்காதத பாத்தேன்னு ஏத்தாத."

மருமகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்தோடு கோட்டை நிறுத்தினாள். இவளைத்தான் நாங்கள் முடக்கியிருந்தோம்.

இப்போது அந்தப் பக்கத்தில் பணம் கட்டுகிறவர் நம்பருக்கு ஒரு கட்டம், படிக்கிறவள் பேருக்கும் நம்பருக்கும் வேறு கட்டம். ஒரே நம்பரில் இரண்டாவது பணம் வந்தால், இது யாருக்கு என்று கேட்காமல் பணம் வாங்காது. முடக்கப்பட்டுள்ளது என்ற அந்த வாக்கியத்தை அழிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று மருமகள் கேட்டாள். உள்ள வர முடியலன்னா எனக்கு போன் பண்ணு என்று எழுது என்றேன். எழுதினாள், என் நம்பரோடு.

சாப்பிடும்போதுதான் போன் அடிக்கும். கை கழுவிவிட்டு எடுப்பேன். "ஏம்மா, எனக்கு தொறக்க மாட்டேங்குது" என்பாள் யாரோ. யார் கட்டினது, புருஷனா, கடைக்காரரா என்று கேட்டுக்கொண்டே மருமகளை முறைப்பேன். அவள் ஏற்கெனவே லேப்டாப்பைத் திறந்திருப்பாள்.