பிரிஸில்லாவின் விரல் நுனி

பிரிஸில்லாவின் வலது ஆள்காட்டி விரல் எங்கே போனாலும் ஒரு கோட்டைத் தேடும். பிளாஸ்டிக் பக்கெட்டின் பக்கவாட்டில், சோப்பு டப்பாவில், சர்ச்சில் முழங்காலிடும்போது முன்பெஞ்சின் பலகைகள் சேரும் இடத்தில். அவள் தேடுவதில்லை, விரல்தான் போகிறது. "ஜெபமாலை உருட்டற மாதிரி உருட்டிட்டே இரு" என்பான் அவள் கணவன் ரெமிஜியஸ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் விரலும் வீட்டில் கியர் போடும், அதை அவள் சொல்லிக் காட்டுவதில்லை.

பொம்மனஹள்ளியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு குறுகலான அறைதான் அவள் கடை. டிரில், கிரைண்டர், மார்பிள் கட்டர் ரிப்பேர். அதற்கு முன் பதினோரு வருடம் ஓசூர் ரோட்டில் ஒரு மோட்டார் ஃபேக்டரியில் காயில் சுற்றினாள். ஃபேக்டரி மூடியபோது மற்றவர்கள் கார்மெண்ட்ஸுக்குப் போனார்கள். இவளுக்குத் துணி பிடிக்காது, செம்புக் கம்பியின் வாசனை பிடிக்கும்.

கடைக்குப் பாதிப் பேர் ரிப்பேருக்காக வருவதில்லை. "அக்கா, இது ஒரிஜினலா பாரேன்" என்று மிஷினை மேஜையில் வைப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். மோட்டாரை மூடியிருக்கும் பாடியின் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் விரல் ஓடும். கம்பெனி மிஷினில் அந்தக் கோடு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். காப்பியில் ஒரு பாதி மயிரிழை மேலே நிற்கும், வார்ப்பில் பிதுங்கிய பிளாஸ்டிக் பிசிறு நகத்தில் மாட்டும். அப்புறம் கண்ணைத் திறந்து லேபிளைப் பார்ப்பாள். பொடி எழுத்துகளின் வயிறு மையில் அடைத்துப்போயிருக்கிறதா, ஓரம் எழும்பியிருக்கிறதா, பெட்டியில் இருக்கும் நம்பரும் இதுவும் ஒன்றுதானா. துளை போடும் பிட் என்றால் தண்டில் சைஸும் பெயரும் உலோகத்திலேயே பதிந்திருக்க வேண்டும். பெயிண்ட் தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் மை போய்விடுவது காப்பி. கான்கிரீட் பிட்டில் பத்து எம்.எம். என்று போட்டிருந்தால் நுனி பத்துக்குக் கொஞ்சம் மேலேயே அளவு காட்டும். காப்பி பெரும்பாலும் பத்துக்கே வராது.

ஜூன் மாதத்தில் ஒரு மதியம். மழை பெய்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாத வெளிச்சம். எதிர் மாடியில் யாரோ தரைக்குக் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஈரக் காற்றில் நீண்டு நீண்டு, தூக்கத்தின் அடியில் ஓடுவதுபோல் ஓடியது. அந்த மயக்கத்துக்குள் வந்து நின்றார் கணேசமூர்த்தி, ஆபீஸ்களுக்கு ஏ.சி. பைப் போடும் கான்ட்ராக்டர். பின்னால் அவரிடம் டிரில் போடும் உத்தமன், கையில் சாம்பல் நிற ஹாமர் டிரில்லும் பிட் பெட்டியும்.

"மேடம், ஒரே கேள்வி. இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

விரல் ஓடியது. கைப்பிடிக்கு மேலே கோட்டில் ஒரு மேடு. பிசிறு. லேபிளில் வயிறு அடைத்த எழுத்துகள்.

"டூப்ளிகேட் சார்."

"கேட்டியாப்பா" என்றார் கணேசமூர்த்தி உத்தமனிடம், திரும்பாமலே. பிறகு இவளிடம், "டெக் பார்க் வேலை மேடம். கேட்ல செக்யூரிட்டி பில்லு நம்பரையும் மிஷின் நம்பரையும் பாத்தான். ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. நான் வாங்கினது கம்பெனி ஷோரூம்ல. நாலு வருஷமா இவன் கையிலதான் இருக்கு. மிஷின் தானா மாறிக்குமா?"

"சார், நான் எதுக்கு மாத்தறேன்" என்றான் உத்தமன். நாற்பது வயது ஆள், வகுப்பில் எழுந்து நிற்பவன்போல் நின்றான். "அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி இத நீங்கதான ரெடி பண்ணீங்க?"

பிரிஸில்லாவுக்குச் சுருக்கென்றது. "மாசம் நாப்பது மிஷின் பாக்கறேன் உத்தமா. நான் டூப்ளிகேட் மோட்டார் போட்டேங்கறியா?"

"அப்படிச் சொல்லல."

"ஆய்த்து விடு" என்றார் கணேசமூர்த்தி. "நாளைலேருந்து சைட்டுக்கு வராத. வேற பையனுங்களுக்கும் சொல்லிடறேன், யாரும் ஏமாந்துட வேணாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் உத்தமனைச் சுட்டது. பொம்மனஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை இந்த வேலைக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மிஷினைத் திருடினவன் என்று ஒரு பேர் போதும், யாரும் சாவி கொடுத்து உள்ளே விடமாட்டார்கள். அவன் பிட் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான்.

"மிஷின் இங்கயே இருக்கட்டும் சார், நாளைக்குக் காலைல வரைக்கும்" என்றாள் பிரிஸில்லா. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் போனதும் பெட்டியைத் திறந்தாள். பிட்டுகள் தேய்ந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு தண்டிலும் எழுத்து உலோகத்தில் ஆழமாக இருந்தது, தின்னருக்கு அசையவில்லை. மிஷினை மாற்றுகிறவன் பிட்டை விட்டுவைப்பானா? எதிர் மாடியில் கல் அறுக்கும் சத்தம் நின்றது. அந்த அமைதியில் அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

பாடி இரண்டாகப் பிரிந்தது. உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் எடை சமன்படுத்தக் கம்பெனியில் செதுக்கிய பள்ளங்கள், சுத்தமான செம்பு, பேரிங்கில் பதிந்த பெயர். அசல் மோட்டார். ஃபீல்டு காயிலின் கம்பிகளை ஒன்றாகப் பிடித்து ஒரு மெழுகு நூல், இரண்டு சுற்று, முடிச்சு கார்பன் பிரஷ் பக்கம் பார்த்தபடி. ஓசூர் ரோடு ஃபேக்டரியில் எட்டாம் நம்பர் மேஜையில் அவள் கட்டிப் பழகிய முடிச்சு. உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

நினைவு தண்ணீருக்கு அடியில் கிடந்த நாணயம்போல் மெல்லத் தெரிந்தது. சாரத்திலிருந்து விழுந்து பாடி பிளந்த மிஷின். கம்பெனி பாடி வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். வேலை நிற்கக்கூடாது என்று உத்தமன் கெஞ்சினான். சிட்டி மார்க்கெட்டில் ஒரு காப்பி பாடி வாங்கி மாட்டினாள். அதில் லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. உரிக்கவில்லை. அது காப்பி என்று உத்தமனிடம்கூடச் சொல்லவும் இல்லை. இன்றைக்கு வெளியே தடவிப் பார்த்துவிட்டு, தன் வேலைக்குத் தானே டூப்ளிகேட் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

கடையைச் சீக்கிரம் சாத்தினாள். வீட்டில் அடுப்புக்கு மேல் பரணில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. நம்பர் உள்ள எதையும் எறியக்கூடாது என்பது ஃபேக்டரிப் பழக்கம். உடைந்த பாடியில் நம்பர் இருக்கும் துண்டை அறுத்து அதில் போட்டு வைப்பாள். ரெமிஜியஸ் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

"தங்கமா தேடற?"

"ஒருத்தனோட பேரு."

டப்பாவைத் தரையில் கொட்டினாள். சாம்பல், நீலம், மஞ்சள் என்று நூறு துண்டுகள், கடற்கரைச் சிப்பிகள் மாதிரி. அவள் கேட்டு கணேசமூர்த்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில் போட்டோவை ரெமிஜியஸ் படிக்கப் படிக்க, அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். சாதம் ஆறிப்போனது. கடைசி நான்கு எண்கள் அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தன.

மறுநாள் காலை டெக் பார்க் கேட்டில், தலைக்கவசம் மாட்டிய வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவள் போன் செய்து வரச் சொல்லியிருந்ததால் உத்தமனும் தள்ளி நின்றான். பிரிஸில்லா துண்டை கணேசமூர்த்தியிடம் நீட்டினாள்.

"இதான் உங்க நம்பர் சார். மோட்டார் உங்களோடதுதான், தொறந்து காட்டறேன். பாடி டூப்ளிகேட். மாத்தினது நானு. சொல்லாம விட்டதும் நானு. நேத்து உள்ள பாக்காம பேசினதும் நானு." எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதற்காகத்தான் கடைக்கு வரச் சொல்லாமல் இங்கே வந்தாள்.

கணேசமூர்த்தி துண்டையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்ககிட்ட குடுத்தா கண்ண மூடிட்டு நம்பலாம்னு நெனச்சேன் மேடம்" என்றார்.

"அங்கதான் தப்பு நடந்துது. நானும் கண்ண மூடிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு வேற மிஷின் உள்ள போகுது, அத எழுதிக்க" என்று செக்யூரிட்டியிடம் சொன்னார். பிறகு உத்தமனைப் பார்த்து, "வா, வேலை கெடக்கு" என்றார். அவ்வளவுதான்.

உத்தமன் அவளைக் கடந்து போகையில் நின்றான். நன்றி சொல்வான் என்றோ திட்டுவான் என்றோ அவள் காத்திருந்தாள்.

"பிட் பெட்டி எடுத்தாந்தீங்களாக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அங்கேயே திறந்து, ஒவ்வொரு பிட்டாக எண்ணிப் பார்த்துவிட்டு மூடினான்.