தாய் பார்த்த மண்

பேச்சியம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். வாசிப்பில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். வறுத்த கடலை மடித்து வந்த பத்திரிகைத் துண்டைக்கூட வாசித்து முடித்துத்தான் எறிவாள். அதனால்தான் மொழி ஆய்வுக்கு வந்த பல்கலைக்கழக மாணவி ரூபிகாவுக்கு லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் அவளைக் கைகாட்டினார்கள்.

ரூபிகா நீட்டிய தாளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அடையாளமிடக் கட்டங்கள் இருந்தன. முதல் வாக்கியம்: ‘செல்லசாமி மாட்டை விரட்டிய நாயை அடித்தார்.’

“செல்லசாமிதான் மாட்டை வெரட்டுனாருன்னு நெனச்சேன். நாய் வந்ததும் மறுபடி மொதல்லருந்து வாசிச்சேன். இது தப்பு புள்ள!”

“இல்லம்மா. தடுமாற வைக்கிறது வேற, தப்பு வேற. ரெண்டையும் தனித்தனிக் கட்டத்துல போடுங்க. உண்மையா பொய்யான்னு பாக்க வேணாம், தமிழ் சரியான்னு மட்டும் பாருங்க.”

அதற்குப் பிறகு பேச்சியம்மா மளமளவென்று போட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது வாக்கியத்தில் பென்சில் நின்றது.

‘தாய் மகனைப் புதைத்த மண்ணைப் பார்த்தாள்.’

“இதுல தாய் பொதச்சான்னும் வருது, மண்ணு பொதச்சுதுன்னும் வருது.”

“ஆமாம்மா. ரெண்டு விதமாவும் எடுக்கலாம்.”

பேச்சியம்மா ‘சரி’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டாள். பிறகு சன்னலுக்கு வெளியே, போன மழையில் பாதி சரிந்துபோன மலையைப் பார்த்தாள்.

“தமிழ் சரிதான் புள்ள. ஆனா எம்மவனை மண்ணுதான் பொதச்சுச்சு. நான் பொதைக்கிறதுக்கு அவன் கெடைக்கவே இல்லையே.”