விரிசல் அம்மா விலகினார்

வீடு வாங்கப் போகிறவர்களுக்காகச் சுவர், கூரை, அஸ்திவாரம் எல்லாம் பார்த்து அறிக்கை எழுதித் தருகிற பொறியாளர் அவர். ஊரார் வைத்த பெயர் விரிசல் அம்மா. அவருடைய சொந்தப் பெயர் 'அ'வில் தொடங்கித் தொலைத்தது. அதனால் கட்டடப் பரிசோதகர் சங்கத்தின் உறுப்பினர் விவரப் பட்டியலில் அவர்தான் முதல் ஆள். ஜனங்களுக்கு இரண்டாவது பெயர்வரை கண்ணை ஓட்டப் பொறுமை ஏது? சமையலறைக் குழாய் சொட்டினால்கூட அவருக்குத்தான் போன்.

கூப்பிட்டாலும் போகாதவர் என்றால் பரவாயில்லை. இவர் போய்விடுவார். அதுதான் வினை. போன மாதம் ஒரு வீட்டுப் பரணில் ஏறி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். ஏணி இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"பேரு அந்தப் பட்டியல்ல இருக்கற வரைக்கும் நீ ஏணியை விடமாட்ட," என்றார் கணவர். சண்டை போடவில்லை, அழாத குறைதான். அந்த முகத்தைப் பார்த்தபின் அம்மாவுக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளே இருவரும் சங்க அலுவலகத்துக்குப் போனார்கள். மேலாளர் நல்ல மனிதர், ஆனால் நறுக்கென்று பேசுகிறவர்.

"மேடம், ராஜினாமாக் கடிதம் கொடுங்க. வருஷம் தொடங்கிட்டதால இந்த வருஷச் சந்தாவைக் கட்டிடணும். உங்க மேல புகார் எதுவும் நிலுவையில இல்ல, பாத்துட்டேன். செயற்குழு ஏத்துக்கிட்டா அன்னைக்கே இணையப் பட்டியல்லருந்து எடுத்துடுவோம். அச்சுப் புத்தகத்துல மட்டும் அடுத்த பதிப்பு வரைக்கும் இருக்கும். பேருக்குப் பின்னாடி சங்க உறுப்பினர்னு காட்டற எழுத்துகளை இனிமே போடக்கூடாது, உறுப்பினர் முத்திரையையும் திருப்பிக் குடுத்துடணும்."

அம்மா கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தார். பிடி தேய்ந்து அவர் விரலுக்கே செய்ததுபோல ஆகியிருந்தது. மேசைமேல் வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது.

மேலாளர் அதைக் கவனித்துவிட்டார். "வேணும்னா ஓய்வுபெற்ற உறுப்பினரா இருங்களேன். சந்தா குறைவு. பட்டியல்ல பேரும் இருக்கும், பக்கத்துல 'ஓய்வு'ன்னு போட்டுடுவோம்."

அம்மாவின் கண் பளிச்சிட்டது. பேர் இருக்கும்! கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் முழங்காலை.

"'ஓய்வு'ங்கறதை யாரு சார் படிப்பாங்க? போன் நம்பரைத்தான் படிப்பாங்க. நான் கிளம்பிப் போயிடுவேன். முழுசா எடுத்துடுங்க," என்று சொல்லி, கடிதத்தை எழுதிக் கொடுத்துச் சந்தாவைக் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டார்.

செயற்குழு கூடி ராஜினாமாவை ஏற்றதாகக் கடிதம் வந்தது. அச்சுப் புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை போல, அன்றோடு போன் வாயை மூடிக்கொண்டது. மின்னேற்றம் குறைந்துவிட்டதோ என்று அம்மா எடுத்துப் பார்த்தார். கணினியில் சங்கப் பட்டியலைத் திறந்து தன் பெயரைத் தட்டினார். 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதார். அழுகை எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இத்தனை வருஷம் தான் இல்லாமல் ஊரில் ஒரு வீடு நிற்காது என்று நினைத்திருந்தவர் அவர்.

வார இறுதியில் ஒரு போன் வந்தது. அம்மா பாய்ந்து எடுத்தார். பேசியது, பட்டியலில் எப்போதும் இரண்டாவதாக இருந்தவர். கூட்டங்களில் அம்மா எது சொன்னாலும் எதிர்த்துப் பேசுகிறவர்.

"மேடம், இது என்ன கொடுமை? குளிக்கப் போக விடமாட்டேங்கறாங்க! நீங்க எப்படி இத்தனை வருஷம் சமாளிச்சீங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு பொங்கியது. அடக்கிக்கொண்டு, முக்கியமானதை மட்டும் கேட்டார். "கூப்பிடறவங்க... என்னைப் பத்தி எதாவது கேட்டாங்களா?"

எதிராளி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல மேடம். ஒருத்தர்கூட கேக்கல."

போனை வைத்துவிட்டு அம்மா கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, நான் என்னைத் தாங்குசுவர்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எடுத்தாலும் ஊர்க் கூரை அப்படியே நிக்குது. நான் வெறும் தடுப்புச்சுவர்தான் போல."

"ஊருக்கு," என்றார் கணவர். நாளிதழை மடித்து வைத்தார். "அன்னைக்கு அந்தப் பரண்லருந்து உன்னைத் தூக்கிட்டு வந்தாங்களே, அப்ப நம்ம வீட்டுக் கூரை எப்படி ஆடுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

அம்மா எழுந்தார். போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கக் கிளம்பினார்.